64 டாலரில் முடிப்பதா, காத்திருப்பதா?

பங்கின் விலை சரிந்துகொண்டே போகிறது. கையில் புட் ஆப்ஷன் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சரிவும் லாபம். இப்போதே உரிமையைப் பயன்படுத்திப் பணத்தை எடுத்துவிடலாமா என்று அவர் யோசிக்கும்போது, பெரும்பாலும் சுற்றியிருப்பவர்கள் சொல்வது இதுதான்: "இன்னும் விழும் போலிருக்கே, கொஞ்சம் பொறுத்துப் பாருங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விலை மேலும் விழும் என்ற நம்பிக்கை காத்திருப்பதற்குக் காரணமே ஆகாது. காத்திருப்பதா வேண்டாமா என்பதை வேறு இரண்டு தொகைகள்தான் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டையும் பேனாவும் காகிதமும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

புட் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலைக்கு விற்கும் உரிமை. அந்தக் குறித்த விலைதான் ஸ்ட்ரைக். ஸ்ட்ரைக் 90 டாலர், சந்தையில் பங்கு 64 டாலர் என்றால், உரிமையைப் பயன்படுத்துபவருக்கு 26 டாலர் ஆதாயம். இதில் இரண்டு வகை உண்டு. எக்ஸ்பைரி நாளில் மட்டுமே பயன்படுத்தக்கூடியது ஐரோப்பிய வகை. அதுவரை எந்த வர்த்தக நாளிலும் பயன்படுத்தக்கூடியது அமெரிக்க வகை. பெயருக்கும் ஊருக்கும் இப்போது பெரிய தொடர்பில்லை என்றாலும், அமெரிக்கச் சந்தைகளில் தனிப் பங்குகள் மீதான ஆப்ஷன்கள் இன்றும் அமெரிக்க வகைதான். இந்தியாவில் தேசியப் பங்குச் சந்தை 2001-இல் தனிப் பங்கு ஆப்ஷன்களைத் தொடங்கியபோது அவையும் அமெரிக்க வகையாகவே இருந்தன. 2011-இன் தொடக்கத்தில் ஐரோப்பிய வகைக்கு மாறின. அதனால் இங்கே புட் வைத்திருப்பவர் இடையில் வெளியேற வேண்டுமானால் சந்தையில் விற்கத்தான் முடியும். எப்போது உரிமையைப் பயன்படுத்துவது என்ற கேள்வி அமெரிக்கச் சந்தையில்தான் உயிரோடு இருக்கிறது.

ஐரோப்பிய ஆப்ஷனுக்கு 1973-இல் பிஷர் பிளாக், மைரான் ஷோல்ஸ் இருவரும் ஒரு சூத்திரம் தந்தார்கள். ஐந்து எண்களைப் போட்டால் விலை வந்துவிடும். அமெரிக்க புட்டுக்கு அப்படி ஒரு சூத்திரம் இல்லை. அதன் மதிப்பு, அதை வைத்திருப்பவர் எப்போது பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. எப்போது பயன்படுத்துவது என்பதோ அதன் மதிப்பைப் பொறுத்தது. ஒன்றைத் தெரிந்துகொள்ள மற்றொன்று வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழியை ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் மூவரும் 1979-இல் எழுதிய கட்டுரை எல்லோருக்கும் எட்டும்படி செய்தது. அதுதான் பைனாமியல் மரம். காலத்தைச் சில படிகளாக நறுக்கி, ஒவ்வொரு படியிலும் பங்கு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் ஏறும் அல்லது இறங்கும் என்று வைத்துக்கொள்கிறார்கள். பிறகு கடைசி நாளிலிருந்து பின்னோக்கி நடக்கிறார்கள். கடைசி நாளில் யோசிக்க ஒன்றுமில்லை, லாபம் இருந்தால் பயன்படுத்த வேண்டியதுதான். அதற்கு முந்தைய படியில் நிற்பவருக்கு அடுத்த படியின் மதிப்பு ஏற்கெனவே தெரியும். அதனால் அங்கேயும் முடிவெடுக்க முடிகிறது. முடிச்சு பின்பக்கமிருந்து அவிழ்கிறது.

ஒரு மரத்தை வளர்த்தே பார்ப்போம். பங்கின் இன்றைய விலை 80 டாலர். ஸ்ட்ரைக் 90. எக்ஸ்பைரிக்கு ஒன்றரை ஆண்டு, அதை ஆறு மாதப் படிகள் மூன்றாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு படியிலும் விலை 1.25 மடங்காக ஏறும், அல்லது 0.8 மடங்காக இறங்கும். ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கினால் பழைய இடத்துக்கே வரும் என்பதால் கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ஆபத்தில்லாத வட்டி ஆறு மாதத்துக்கு 2.5 சதவீதம். பங்கு இந்தக் காலத்தில் டிவிடெண்ட் தருவதில்லை.

முதல் ஆறு மாதத்தில் விலை 100 அல்லது 64. ஓராண்டில் 125, 80 அல்லது 51.20. ஒன்றரை ஆண்டு முடிவில் 156.25, 100, 64 அல்லது 40.96. கடைசி நாளில் மேலே உள்ள இரண்டு விலைகளிலும் புட் வெறும் காகிதம். 64-இல் அது 26 டாலர், 40.96-இல் 49.04 டாலர்.

பின்னோக்கி வர, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு எடை வேண்டும். அது பங்கு ஏறும் என்று யாரோ கணித்த வாய்ப்பு அல்ல. பங்கை வைத்திருப்பவரும் வங்கியில் பணம் போட்டவரும் சராசரியாக ஒரே வட்டியைப் பெறும்படி அமைத்த எடை. 1.025-இலிருந்து 0.8-ஐக் கழித்து, 1.25-க்கும் 0.8-க்கும் உள்ள வித்தியாசமான 0.45-ஆல் வகுத்தால் சரியாகப் பாதி. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் இந்த எண்களைத் தேர்ந்தெடுத்தேன். ஆக, ஒவ்வொரு கணுவிலும் காத்திருப்பின் மதிப்பு, அடுத்த இரண்டு கணுக்களின் மதிப்பைக் கூட்டி, பாதியாக்கி, 1.025-ஆல் வகுத்தால் கிடைப்பது. அதை உடனே பயன்படுத்தினால் கிடைப்பதோடு ஒப்பிட்டு, பெரியதை அந்தக் கணுவில் எழுத வேண்டும். அமெரிக்க ஆப்ஷனுக்கான கணக்கு முழுவதும் இந்த ஒரு வரிதான்.

ஓராண்டு கழித்துப் பங்கு 51.20-இல் நிற்கும் கணுவுக்குப் போவோம். உடனே பயன்படுத்தினால் 38.80 டாலர். காத்திருந்தால் 26-ம் 49.04-ம் சேர்ந்து 75.04, அதில் பாதி 37.52, அதன் இன்றைய மதிப்பு 36.60. காத்திருப்பவருக்கு 2.20 டாலர் நட்டம்.

இந்த 2.20 எங்கிருந்து வந்தது? புட்டோடு பங்கையும் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரின் இடத்தில் நின்று பார்த்தால் பளிச்சென்று தெரியும். இந்தக் கணுவிலிருந்து பங்கு ஏறினாலும் 64, இறங்கினால் 40.96. இரண்டும் 90-க்குக் கீழே. ஆக, எது நடந்தாலும் அவர் பங்கைக் கொடுத்து 90 டாலர் வாங்கப் போகிறார். கேள்வி அந்த 90 டாலரை இன்றைக்கு வாங்குவதா, ஆறு மாதம் கழித்து வாங்குவதா என்பது மட்டுமே. ஆறு மாதம் கழித்து வரும் 90 டாலரின் இன்றைய மதிப்பு 87.80. வித்தியாசம் 2.20. காத்திருப்பவர் தனக்கு வர வேண்டிய பணத்தை அடுத்தவரிடம் வட்டியில்லாமல் விட்டுவைக்கிறார். இதுதான் முதல் தொகை: ஸ்ட்ரைக் விலையின் மேல் இழக்கும் வட்டி.

இரண்டாவது தொகை, ஓராண்டு கழித்துப் பங்கு 80-இல் நிற்கும் கணுவில் தெரிகிறது. உடனே பயன்படுத்தினால் 10 டாலர். காத்திருந்தால் பூஜ்யம் அல்லது 26, அதாவது இன்றைய மதிப்பில் 12.68. இங்கே காத்திருப்பதே மேல். ஏனென்றால் பங்கு 100-க்கு ஏறினால் அவர் புட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். 90-க்கு விற்றுவிட்டவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. காத்திருப்பவர் வைத்திருப்பது மனதை மாற்றிக்கொள்ளும் உரிமை. பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேலே திரும்பி வருவதற்கு வாய்ப்பு இருக்கும்வரைதான் அந்த உரிமைக்கு மதிப்பு.

இப்போது முதல் ஆறு மாதத்தில் பங்கு 64-க்கு இறங்கியிருக்கும் கணு. இரண்டு தொகைகளும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். உடனே பயன்படுத்தினால் 26. காத்திருந்தால் அடுத்த படியில் 12.68 அல்லது 38.80, கூட்டிப் பாதியாக்கி வட்டியைக் கழித்தால் 25.11. உடனே எடுப்பதுதான் 89 சென்ட் லாபம். மறுபடியும் பங்கையும் புட்டையும் சேர்த்து வைத்திருப்பவரைப் பார்ப்போம். பங்கு இறங்கினால் அவர் கையில் 90 டாலர். பங்கு 80-க்கு ஏறினால் பங்கும் புட்டும் சேர்ந்து 92.68, அதாவது 90-ஐவிட 2.68 அதிகம். பாதி எடையுள்ள அந்த 2.68-இன் இன்றைய மதிப்பு 1.31 டாலர். காத்திருப்பதால் சேர்வது இவ்வளவு. காத்திருப்பதால் போவது 90 டாலரின் அரையாண்டு வட்டி, 2.20. கழித்துப் பார்த்தால் அதே 89 சென்ட்.

மரத்தின் அடிக்கு வந்துவிடுவோம். 100 டாலர் கணுவில் புட்டின் மதிப்பு 6.19, 64 டாலர் கணுவில் 26. இன்றைய மதிப்பு 15.70. இன்றே பயன்படுத்தினால் 10 டாலர்தான் என்பதால் இன்று காத்திருக்க வேண்டும். இதே புட் ஐரோப்பிய வகையாக இருந்திருந்தால் இதே மரத்தில் அதன் மதிப்பு 14.75. சரியான நேரத்தில் முடித்துக்கொள்ளும் உரிமைக்கு விலை 95 சென்ட்.

"இன்னும் விழும்" என்று நம்புபவரின் வாதத்துக்கு இப்போது பதில் சொல்ல முடியும். அவரிடம் 1,000 பங்குகளுக்கான புட் இருக்கிறது, பங்கு 64 டாலரில் நிற்கிறது. மேலும் சரியும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். சரி, அவர் உரிமையைப் பயன்படுத்தி 26,000 டாலரை எடுத்துக்கொள்ளட்டும். அதில் 886 டாலரைத் தனியாக வைத்துவிட்டு, மீதி 25,114 டாலரோடு 907 பங்குகளைக் கடன் வாங்கி விற்கட்டும். விற்ற பணம் 58,048. மொத்தம் 83,162 டாலர் ஆறு மாதத்தில் வட்டியோடு சுமார் 85,240 ஆகும். பங்கு 51.20-க்கு விழுந்தால், கடன் பங்குகளைத் திருப்பிக் கொடுக்க 46,438 டாலர் போக, கையில் ஏறத்தாழ 38,800. பங்கு 80-க்கு ஏறினால், 72,560 போக ஏறத்தாழ 12,680. புட்டைப் பயன்படுத்தாமல் காத்திருந்தாலும் இந்த இரண்டு தொகைகள்தான் கிடைத்திருக்கும். பின்னங்களில் ஓரிரு டாலர் முன்னே பின்னே இருக்கலாம். சரிவின் மேல் அவர் வைத்த பந்தயம் அப்படியே இருக்கிறது. தனியாக எடுத்துவைத்த 886 டாலர் மட்டும் கூடுதல். விலை எங்கே போகும் என்ற கருத்துக்கு இந்த முடிவில் இடமில்லை என்று சொன்னது இதனால்தான். இந்தக் கணக்கு முழுவதிலும் என் மனதில் ஆழமாகப் பதிந்த இடம் இதுவே. சிறு முதலீட்டாளருக்குக் கடன் வாங்கி விற்ற பணத்தின் மேல் முழு வட்டி கிடைக்காது என்பது உண்மை. அது லாபத்தைக் குறைக்கும், வாதத்தை மாற்றாது.

இரண்டு தொகைகளும் எதனால் ஏறி இறங்கும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. வட்டி உயர்ந்தால் காத்திருப்பின் செலவு கூடும், சீக்கிரம் முடிக்கலாம். பங்கின் ஏற்ற இறக்கம் பெரிதானால் 90-க்கு மேலே திரும்பும் வாய்ப்பு கூடும், காத்திருக்கலாம். வட்டி பூஜ்யமானால், டிவிடெண்ட் இல்லாத பங்கின் புட்டை முன்கூட்டியே பயன்படுத்துவதால் ஒரு லாபமும் கிடையாது. இது ஏட்டுக் கற்பனை அல்ல. 2008 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கி தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிக் கொண்டுவந்து ஏழு ஆண்டுகள் அங்கேயே வைத்திருந்தது. அந்த ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கே பெரிய வேலை இல்லை. 2023 ஜூலையில் அதே வட்டி 5.25 முதல் 5.50 சதவீதத்தைத் தொட்டபோது கேள்வி முழு எடையோடு திரும்பி வந்தது.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எல்லை விலை இருக்கிறது. பங்கு அதற்குக் கீழே போனால் முடிக்க வேண்டும், மேலே இருந்தால் காத்திருக்க வேண்டும். எக்ஸ்பைரி நெருங்க நெருங்க, டிவிடெண்ட் இல்லாத பங்குக்கு அந்த எல்லை மேலே ஏறி ஸ்ட்ரைக்கையே எட்டுகிறது. காலம் நிறைய இருக்கும்போது அது கீழே தாழ்ந்திருக்கும். எக்ஸ்பைரியே இல்லாத புட் என்று ஒன்றைக் கற்பனை செய்தால், அதற்கு மட்டும் எல்லையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நம் எடுத்துக்காட்டின் வட்டிக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் அது சுமார் 45 டாலர், ஸ்ட்ரைக்கில் ஏறத்தாழ பாதி.

ஆனால் மூன்றே படிகள் உள்ள மரத்தின் பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் முடிவெடுக்கலாம் என்பது போல அது கணக்கிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு நாளும் முடிவெடுக்கலாம். நாளை முடிக்கலாம் என்ற வசதி இருக்கும்போது இன்று காத்திருப்பதில் இழப்பு ஒரு நாள் வட்டி மட்டுமே. படிகளை நூற்றுக்கணக்கில் நறுக்கினால் ஓராண்டு மீதமிருக்கையில் எல்லை விலை 64-க்குக் கீழே, 60 டாலரை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதாவது நுணுக்கமான மரம் 64-இல் இன்னும் சற்றுப் பொறு என்றே சொல்லும். விலையும் மாறும்: ஐரோப்பிய புட்டுக்கு நம் மரம் 14.75 சொன்னது, பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம் அதே எண்களுக்கு 14.40 என்கிறது. படிகளைக் கூட்டும்போது விடை நேர்க்கோட்டில் நெருங்காமல், ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் இடையே மேலும் கீழும் ஆடிக்கொண்டே நெருங்கும். அதனால் 100 படிக்கும் 101 படிக்கும் கணக்கிட்டுச் சராசரி எடுப்பது பழைய, நல்ல வழக்கம்.

இதைக் கணினியில் எழுதுபவர்கள் செய்யும் பெரிய தவறு, இரண்டில் பெரியதை எடுக்கும் அந்த ஒப்பீட்டை எல்லாக் கணுக்களிலும் செய்யாமல் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்வது. 14.75-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டு 14.75 என்று விடை வரும். பார்க்க ஒழுங்காகவே இருக்கும், பிழை என்றே தோன்றாது. கண்டுபிடிக்க வழி உள்ளே இருக்கும் கணுக்களைப் பார்ப்பது. அந்த மரத்தில் 64 டாலர் கணுவின் மதிப்பு 24.04 என்று இருக்கும். உடனே பயன்படுத்தினால் 26 கிடைக்கும் ஒரு பொருள் 24.04-க்குப் போகாது. எங்காவது ஒரு கணு உடனடி ஆதாயத்தைவிடக் குறைவாகக் காட்டினால் கணக்கில் ஓட்டை இருக்கிறது.

இனி டிவிடெண்ட். பங்கு டிவிடெண்ட் தரும் நாளில் அதன் விலை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கும். பங்கை வைத்திருப்பவருக்கு டிவிடெண்ட் கையில் வருகிறது. 90 டாலர் உரிமையும் குறையாமல் இருக்கிறது. 51.20 கணுவில் நின்றவருக்கு வட்டி இழப்பு 2.20 என்று பார்த்தோம். அந்த ஆறு மாதத்தின் கடைசியில் 3 டாலர் டிவிடெண்ட் வருமானால், அதன் இன்றைய மதிப்பு 2.93. இப்போது காத்திருப்பதே மேல். எக்ஸ்பைரிவரை உள்ள டிவிடெண்டுகள் வட்டி இழப்பைவிடப் பெரியவையாக இருந்தால் காத்திருக்க வேண்டும். முன்கூட்டி முடிக்கத் தகுந்த நாள் வந்தால் அது பெரும்பாலும் ஒரு டிவிடெண்ட் நாளைத் தாண்டிய உடனேதான் வரும்.

சந்தையில் இந்த முடிவு எடுக்கப்படும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆப்ஷனைப் பயன்படுத்துவதைவிட விற்றுவிடுவதே பெரும்பாலும் லாபம். காத்திருப்புக்கு மதிப்பு இருக்கும்வரை வாங்குபவர் அதற்கும் சேர்த்துப் பணம் தருவார். ஆழமாக லாபத்தில் இருக்கும் புட்டுகளுக்கு மட்டும் நிலைமை வேறு. அங்கே வாங்குபவர்கள் குறைவு, அவர்கள் கேட்கும் விலை உடனடி ஆதாயத்தைவிடக் கீழே நிற்பதுண்டு. 90 ஸ்ட்ரைக் புட்டுக்குப் பங்கு 51.20-இல் இருக்கும்போது 38.60 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், விற்காமல் பயன்படுத்தி 38.80 வாங்குவதே சரி. தரகர் அந்த அறிவிப்பை ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அனுப்புவார். அது அதே ஆப்ஷனை எழுதி விற்ற கணக்குகளுள்ள ஒரு தரகு நிறுவனத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும். அங்கே தேர்வாகும் வாடிக்கையாளர், எக்ஸ்பைரிக்கு இன்னும் மாதங்கள் இருந்தாலும், ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் 100 பங்குகளை 90 டாலர் வீதம் வாங்கிக்கொள்ள 9,000 டாலரைக் கட்ட வேண்டும்.